நிலுவைக் குறிப்பின் வயதை எந்த நாளிலிருந்து எண்ணுவது?

உள்தணிக்கையில் கண்ட குறைகளைக் குறிப்புகளாகப் பதிந்து, அவை தீர்ந்தனவா என்று தொடர் அறிக்கை எழுதும்போது பெரும்பாலும் நான்கு எண்கள் தருவோம்: முந்தைய நிலுவை, புதிதாகச் சேர்ந்தவை, முடிந்தவை, இப்போதைய நிலுவை. கூட்டிக் கழித்தால் சரியாக வரும். ஆனால் எந்தக் குறிப்பு எத்தனை மாதமாக அப்படியே கிடக்கிறது என்பது அந்த நான்கில் எதிலும் தெரியாது. ஒரு நிறுவனத்தின் நான்கு காலாண்டு அறிக்கைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் இது எனக்கு உறைத்தது.

மார்ச்சில் 20 குறிப்புகள் நிலுவை, எல்லாம் அந்த அறிக்கையில்தான் முதலில் எழுதப்பட்டவை. ஜூனில் 8 முடிந்து 7 புதிதாக வந்தன, நிலுவை 19. செப்டம்பரில் 18, டிசம்பரில் 17. மெதுவாகவாவது குறைகிறதே என்று தணிக்கைக் குழுவும் திருப்தியாக இருந்தது. முடிந்த 23 குறிப்புகளும் சராசரியாக 3.8 மாதத்தில் முடிந்திருந்தன.

அப்புறம் மார்ச் மாதத்து 20 குறிப்புகளை மட்டும் தனியே எடுத்து, ஒவ்வோர் அறிக்கையிலும் அவற்றில் எத்தனை மிச்சம் என்று பார்த்தேன். ஜூனில் 12, செப்டம்பரில் 10, டிசம்பரில் 9. முதல் மூன்று மாதத்தில் எட்டு முடிந்தன, அடுத்த ஆறு மாதத்தில் மூன்றுதான். ஒவ்வொரு காலாண்டிலும் முடிந்ததாகக் காட்டியவற்றில் பெரும்பகுதி, முந்தைய காலாண்டில் வந்த எளிய குறிப்புகள். கடினமானவை அடியில் தங்கிவிட்டன. சராசரியில் இது தெரியாததற்குக் காரணம், சராசரி முடிந்தவற்றை மட்டும் எண்ணுகிறது. முடியாத குறிப்பு எவ்வளவு பழையதானாலும் அந்தக் கணக்குக்குள் வருவதே இல்லை.

அந்த ஒன்பதும் முழுக் கணக்கல்ல. மார்ச் அறிக்கையில் ஒரு குறிப்பு: வேலையை விட்டுப் போனவர்களின் கணினி அனுமதி உடனே நீக்கப்படவில்லை. கெடு ஜூன் 30. ஜூனில் கெடு செப்டம்பர் 30 ஆனது. செப்டம்பரில் 'சுற்றறிக்கை அனுப்பப்பட்டது' என்று முடித்துவைத்தார்கள். அனுமதிகள் உண்மையில் நீக்கப்பட்டனவா என்று யாரும் சரிபார்க்கவில்லை. டிசம்பரில் 'பயனர் அனுமதிகள் மறுஆய்வு செய்யப்படவில்லை' என்று வேறு எண்ணில், வேறு தலைப்பில், அதே குறை புதுக் குறிப்பாக வந்தது. அறிக்கைப்படி அதன் வயது பூஜ்யம், உண்மையில் ஒன்பது மாதம். அதைப் பழைய இடத்தில் சேர்த்தால் 17 நிலுவையில் 10 மார்ச்சில் எழுதியவை. இதில் கவனிக்க வேண்டியது: இப்படித் திருத்தியதும் சராசரி 3.8இலிருந்து 3.7 ஆகக் குறைந்தது. ஒரு பழைய குறை இன்னும் தீரவில்லை என்று ஒப்புக்கொண்டதும் சராசரி மேலும் அழகாகிவிட்டது!

இதற்குப் பிறகு என் பதிவேட்டை மாற்றிக்கொண்டேன். குறிப்புக்கு முதலில் தரும் எண் கடைசிவரை மாறாது, அறிக்கைதோறும் 1, 2, 3 என்று புதிதாக எண்ணுவதில்லை. இரண்டு குறிப்புகளை இணைத்தால் பழையதன் தேதி நிற்கும், ஒன்றைப் பிரித்தால் இரண்டு துண்டுக்கும் தாய்க் குறிப்பின் தேதியே. முதல் கெடுவை அழிக்காமல், திருத்திய கெடு அடுத்த பத்தியில் போகும், எத்தனை முறை தள்ளினார்கள் என்பதும் சேர்த்து. 'முடிந்தது' என்று துறை சொன்ன தேதி ஒரு பத்தி, நாங்கள் சரிபார்த்த தேதி இன்னொரு பத்தி. வயதை இரண்டாவதை வைத்துத்தான் நிறுத்துகிறேன். எக்செலில் இது ஒரே வரி. `C` முதலில் எழுதிய தேதி, `F` சரிபார்த்த தேதி, `H1` அறிக்கைத் தேதி:

```
=IF(F2="",$H$1-C2,F2-C2)
```

பழைய அறிக்கைகளிலிருந்து பதிவேட்டைக் கட்டும்போது ஒரு சங்கடம் உண்டு. சரிபார்த்த ஆவணம் இருந்தாலும் முடிந்த தேதி பல இடங்களில் இருக்காது. ஜூனில் நிலுவை, செப்டம்பரில் இல்லை என்பது மட்டும் தெரியும். அங்கே நான் செப்டம்பர் அறிக்கைத் தேதியைப் போட்டு, அது தோராயம் என்று குறித்துவிடுவேன். மேலே சொன்ன மாதக் கணக்கும் அப்படி அறிக்கைத் தேதியை வைத்துப் போட்டதுதான். அறிக்கையில் இல்லாமல் சத்தமின்றிக் காணாமல் போன குறிப்பை மட்டும் முடிந்ததாக எடுத்துக்கொள்ளாதீர்கள். சரிபார்த்த ஆவணம் இல்லையென்றால் அது நிலுவைதான்.

மார்ச் மாதத்து அந்தப் பத்துக் குறிப்புகளையும் தேதி வரிசையில் ஒரே பக்கத்தில் வைத்ததும் இன்னொன்று தெரிந்தது. அவற்றில் ஆறு, ஒரே மென்பொருள் மாற்றத்துக்காகக் காத்திருந்தன. ஆறு குறிப்புக்கும் வெவ்வேறு துறையில் ஆறு பொறுப்பாளர்கள், ஒவ்வொருவரும் தனித்தனியாகக் கெடு தள்ளிக் கேட்டிருந்தார்கள். அந்த மென்பொருள் மாற்றத்துக்கு மட்டும் பொறுப்பாளர் யாரும் இல்லை. அடுத்த கூட்டத்தில் அதற்கு ஒருவரை நியமித்தார்கள். ஆறு குறிப்புகளின் மார்ச் தேதியும் பதிவேட்டில் அப்படியே இருக்கிறது.