ஊடுருவு நுண்படமும் வருடு நுண்படமும்

பாக்டீரியா படத்துக்கு அடியில் "பரிமாற்ற எலக்ட்ரான் நுண்ணோக்கியில் எடுத்தது" என்ற குறிப்பு மறுபடியும் கண்ணில் பட்டது. 'பரிமாற்ற' என்ற சொல்லை இனியாவது விட்டுவிட வேண்டும்.

இந்த நுண்ணோக்கியின் ஆங்கிலப் பெயரில் உள்ள டிரான்ஸ்மிஷன் லத்தீன் வழி வந்தது. கடந்துபோக விடுதல் என்பது அதன் வேர்ப்பொருள். தகவல் தொடர்பில் அதைப் 'பரிமாற்றம்' என்று எழுதிப் பழகியவர்கள் இங்கேயும் அதையே ஒட்டிவிட்டார்கள். பரிமாற்றம் என்றால் கொடுப்பதும் வாங்குவதும். இரண்டு தரப்பு வேண்டும். இந்த நுண்ணோக்கியில் எது எதோடு மாறுகிறது? எலக்ட்ரான் கற்றை மாதிரியின் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறுகிறது, அவ்வளவுதான். அதற்காகவே செல்லைப் பிசினில் பதித்து, 100 நானோமீட்டருக்கும் மெல்லியதாகச் சீவுகிறார்கள். 'ஊடுருவு' என்று சொன்னால் இந்த வேலை முழுவதும் சொல்லிலேயே தெரிந்துவிடும்.

இன்னொரு வகை எலக்ட்ரான் நுண்ணோக்கியின் பெயரில் வரும் ஸ்கேனிங்குக்கு 'அலகிடு' என்கிறார்கள். அது வெண்பாவுக்குச் சீர் பிரிப்பதன் பெயர். ஆங்கிலச் சொல்லுக்கும் யாப்பில் அந்தப் பொருள் உண்டுதான், ஆனால் இங்கே அது பொருந்தாது. கற்றை மேற்பரப்பை வரிவரியாகத் தடவிப் போகிறது. 'வருடு' என்பதே சரி.

பெயர் சரியாக இருந்தால் படத்தைப் பார்த்தே கருவியைச் சொல்லிவிடலாம். ஈ. கோலை பாக்டீரியாவை எடுத்துக்கொள்வோம். வருடு படத்தில் முழுக் குச்சிகளாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து கிடக்கும். விளிம்புகள் பளிச்சென்று இருக்கும், ஏனென்றால் அங்கிருந்து அதிக எலக்ட்ரான்கள் தப்பி வெளியே வருகின்றன. உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. ஊடுருவு படத்தில் அதே பாக்டீரியா தட்டையான வெட்டுமுகம். குறுக்கே வெட்டுப்பட்டது வட்டமாகவும் நெடுக்கே வெட்டுப்பட்டது நீளமாகவும் ஒரே படத்தில் கலந்திருக்கும். ஓரத்தில் உள்சவ்வும் வெளிச்சவ்வும் கருங்கோடுகளாக ஓட, உள்ளே ரைபோசோம்கள் கரும்புள்ளிகளாகவும் டி.என்.ஏ. கிடக்கும் இடம் வெளுத்தும் தெரியும். சாயமாக ஏற்றிய யுரேனியமும் ஈயமும் எலக்ட்ரான்களைச் சிதறடிக்கும் இடங்களே கறுக்கின்றன. வெறும் பிசின் வெளுத்திருக்கும். நிறத்தை நம்ப வேண்டாம், இரண்டுமே கறுப்பு வெள்ளைதான். வண்ணம் பிறகு பூசுவது.

ஏமாற்றும் படமும் ஒன்று உண்டு. உறையவைத்து உடைத்த செல்லின் முகத்தில் பிளாட்டினத்தைச் சாய்வாகப் படியவைத்து, அந்த அச்சை மட்டும் ஊடுருவு நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். மேடு பள்ளமெல்லாம் தெரிவதால் வருடு படம் என்றே தோன்றும். நிழல்களைப் பாருங்கள்: எல்லாம் ஒரே பக்கமாக விழுந்திருக்கும், சுற்றிலும் பளிச்சிடும் விளிம்பு இருக்காது. அப்புறமும் சந்தேகம் இருந்தால், படத்தின் கீழ்ப்பட்டையில் மின்னழுத்தத்தைப் பாருங்கள். வருடு கருவி வழக்கமாக 30 கிலோவோல்ட்டுக்குள் நின்றுவிடும். ஊடுருவு கருவிக்குப் பெரும்பாலும் 80 முதல் 300 வரை வேண்டும்.