இரட்டைக் கோடிட்ட இடங்களில் முதல் இடத்தை முதலில் நிரப்பாதீர்கள்

பட்டமேற்படிப்பு நுழைவுத் தேர்வுகளின் மொழித்திறன் பகுதிக்குப் பயிற்சி அளிப்பவன் என்ற முறையில், மாதிரித் தேர்வில் மதிப்பெண் இழந்தவர்கள் சொல்லும் ஒரே காரணத்தைக் கேட்டுச் சலித்துவிட்டேன்: “சொல்வளம் போதவில்லை.” அவர்கள் தவறவிட்ட வினாக்களை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் அவர்களுக்குத் தெரியாத சொல் ஒன்றுகூட இருப்பதில்லை. ஆயினும் மறுநாளே இன்னுமொரு சொற்பட்டியலை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

கடினச் சொல் எதுவும் இல்லாத ஒரு வினாவைப் பாருங்கள். “அந்த அறிஞரின் நடை ______ என்று பெயர் பெற்றிருந்தாலும், இந்த நூலில் மட்டும் அவர் வாசகரிடம் ______ காட்டியிருக்கிறார்; சிக்கலான ஒவ்வொரு கருத்துக்கும் ஓர் எளிய உதாரணம் தந்திருக்கிறார்.” முதல் இடத்துக்குத் தெளிவானது, புரியாதது, சுருக்கமானது என்ற மூன்று சொற்களும், இரண்டாம் இடத்துக்குப் பரிவு, அலட்சியம், ஐயம் என்ற மூன்று சொற்களும் தரப்பட்டுள்ளன.

“பெயர் பெற்ற” என்றதும் பாராட்டு என்று எண்ணிப் பலர் ‘தெளிவானது’ என்பதைக் குறித்துவிடுகிறார்கள். ‘இருந்தாலும்’ என்ற சொல் எதிர்நிலையைக் கேட்பதால், அடுத்த இடத்தில் ‘அலட்சியம்’ தானாக வந்து அமர்கிறது. அந்த இணை ஒன்றோடொன்று நன்றாகப் பொருந்துவதால் அவர்களுக்கு ஐயமே எழுவதில்லை. வினா அமைப்பவர் விரித்த வலையே அதுதான். அரைப்புள்ளிக்குப் பின் எளிய உதாரணங்கள் பேசப்படுகின்றன. அவற்றைத் தந்தவர் வாசகரை அலட்சியப்படுத்தியவர் ஆகமாட்டார். எனவே துணிவோடு நிரப்பக்கூடியது இரண்டாம் இடம்தான்: ‘பரிவு’. ‘இருந்தாலும்’, ‘மட்டும்’ ஆகிய இரண்டும் அங்கிருந்து பின்னோக்கி நம்மை ‘புரியாதது’ என்ற சொல்லுக்குக் கொண்டுசேர்க்கின்றன. எந்த இடத்துக்கு வாக்கியத்திலேயே சான்று இருக்கிறதோ, அந்த இடத்திலிருந்து தொடங்குங்கள். தெரிவுகளைக் கையால் மறைத்துக்கொண்டு உங்கள் சொல்லை முதலில் எழுதிப் பாருங்கள்.

ஒப்புமை வினாவிலும் இதே அவசரம்தான். ‘மழை : வெள்ளம்’ என்பதை “மழையால் வெள்ளம் வரும்” என்று படித்தால், ‘விதை : செடி’, ‘கடன் : திவால்’ ஆகிய இரண்டும் சரியாகத் தோன்றும். “அளவு மீறினால் கேடாக முடியும்” என்று உறவை இறுக்கிச் சொன்னால் ‘கடன் : திவால்’ மட்டுமே நிற்கும். பொருந்தாச் சொல்லில், கஞ்சத்தனம், சிக்கனம், ஊதாரித்தனம், பேராசை என்ற நான்கைக் கொடுத்தால், எதிர்ச்சொல் கண்ணில் பட்டவுடன் ஊதாரித்தனத்தை நீக்குகிறார்கள். மற்ற மூன்றும் குறைகள், சிக்கனம் மட்டுமே நற்குணம் என்பதைப் பார்ப்பதில்லை.

ஜிஆர்இ தேர்வில் இரண்டு இடங்களும் சரியாக இருந்தால்தான் மதிப்பெண் உண்டு; ஒன்று மட்டும் சரியென்றால் பாதி மதிப்பெண் கிடையாது. இடத்துக்கு மூன்று தெரிவுகள் என்பதால் 9 இணைகள் உண்டாகின்றன. ஓர் இடம் உறுதியானால் 3 மட்டுமே எஞ்சும். அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள். கழிக்கும் தேர்வுகளில், ஓர் இடத்துக்கும் சான்று கிடைக்காவிட்டால், தயவுசெய்து அந்த வினாவை விட்டுவிட்டு அடுத்ததற்குச் செல்லுங்கள்.