மோட்டார் ஓடுது, தொட்டிக்குத் தண்ணீர் ஏறலை: பம்பைத் தூக்கும் முன் பார்க்க வேண்டியவை

பண்ணைக்காடு, தாண்டிக்குடி பக்கம் பங்குனி, சித்திரை வந்தால் அடிக்கடி கேட்கும் புகார் இது. ஸ்டார்ட்டர் போட்டால் மோட்டார் ஓடுகிறது, மேட்டில் இருக்கும் தொட்டியில் சொட்டுத் தண்ணீர் விழவில்லை. உடனே போர்வெல்லிலிருந்து பம்பை வெளியே எடுக்க ஆள் தேடுகிறார்கள். மலையில் பல தோட்டங்களுக்கு வண்டி போகாது. ஐந்தாறு பேர் சேர்ந்து கையால் இழுக்க வேண்டும். அதனால் அது கடைசி வேலை. மேலே நின்றே பார்க்கக்கூடியதை முதலில் பார்த்துவிடலாம்.

ஸ்டார்ட்டர் பெட்டியில் இருக்கும் ஆம்ப் மீட்டரில் தொடங்குங்கள். நன்றாகத் தண்ணீர் வரும் நாளில் அது என்ன காட்டும் என்று பெட்டி மூடியின் உள்பக்கம் எழுதி வைத்திருந்தால் பாதி வேலை முடிந்தது. வழக்கத்தைவிட மிக அதிகமாகக் காட்டினால் பம்போ மோட்டாரோ இறுகியிருக்கலாம், அல்லது வோல்டேஜ் குறைவு. உடனே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வழக்கமான அளவோ அதற்குக் குறைவோ என்றால் அடுத்த சோதனைக்குப் போகலாம்.

போர் வாயில் இருக்கும் யூனியனைக் கழற்றி, தொட்டிக்குப் போகும் லைனைப் பிரித்துவிட்டு, மோட்டாரை அரை நிமிடம் ஓடவிடுங்கள். அங்கே தண்ணீர் கொட்டுகிறதா, இல்லையா? மற்ற எல்லாம் இந்த ஒரு கேள்வியில்தான் பிரிகிறது.

கொட்டினால் கோளாறு லைனில் இருக்கலாம், அல்லது பம்பின் ஏற்றும் திறன் போதாமல் இருக்கலாம். சமவெளியில் இரண்டாவதை யாரும் அவ்வளவாக நினைப்பதில்லை. மலையில் இதுதான் அடிக்கடி நடக்கிறது. ஒரு கணக்கைப் பாருங்கள். 400 அடி போர், பம்ப் 340 அடியில், தொட்டி போர் வாயிலிருந்து 120 அடி மேலே. பம்பின் பெயர்த்தகட்டில் அதிகபட்ச ஹெட் 110 மீட்டர், அதாவது சுமார் 360 அடி. மழைக்காலத்தில் போருக்குள் தண்ணீர் 150 அடியில் நிற்கிறது. 150-ம் 120-ம் சேர்ந்து 270 அடி. பம்ப் தாராளமாக ஏற்றும். கோடையில் மட்டம் 250 அடிக்கு இறங்கிவிட்டால் 370 அடி. பம்பால் முடிந்தது 360. தண்ணீர் பைப்பில் தொட்டிக்கு 10 அடி கீழே வரை ஏறி அப்படியே நிற்கும். மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நகராததால் சூடேறிக் காயில் கருகும்.

இந்த நிலையில் பலர் செய்வது, இன்னும் ஒரு 20 அடி பைப் சேர்த்துப் பம்பைக் கீழே இறக்குவது. காசு வீண். ஏற்ற வேண்டிய உயரம் தண்ணீர் மட்டத்திலிருந்துதான் கணக்கு, பம்ப் தொங்கும் இடத்திலிருந்து அல்ல. தண்ணீர் பம்புக்குக் கீழே போயிருந்தால் மட்டுமே இறக்குவதில் பலன் உண்டு.

உறுதி செய்ய, போர் வாயில் கேட் வால்வுக்கு முன்னால் 10 கிலோ வரை காட்டும் பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்தி, லைனை மாட்டி, வால்வைச் சில விநாடிகள் மட்டும் மூடிப் பாருங்கள். ஒரு கிலோவுக்கு 33 அடி. 120 அடி ஏற 3.6 கிலோவுக்கு மேல் வேண்டும். மேற்சொன்ன போரில் கோடையில் 3.3 தான் காட்டும். அப்படியானால் போர் அருகிலேயே ஒரு தொட்டி கட்டி, அங்கிருந்து இன்னொரு பம்பால் ஏற்றுவது நல்லது. அல்லது அதிக ஸ்டேஜ் உள்ள பம்ப். கேஜ் 4, 5 என்று காட்டியும் தொட்டிக்கு வரவில்லை என்றால் லைனோடு நடந்து பாருங்கள்: உடைப்பு, மூடிக்கிடக்கும் வால்வு, மேடுபள்ளத்தில் காற்று அடைப்பு.

மூன்று பேஸ் மோட்டார் என்றால், மின்கம்பத்தில் வேலை நடந்தபின் இப்படி ஆனால், பேஸ் மாறித் தலைகீழாகச் சுற்றுகிறதா என்று பார்க்க வேண்டும். தலைகீழாகச் சுற்றினாலும் கொஞ்சம் தண்ணீர் வரும். மேடேற மட்டும் முடியாது. மெயினை அணைத்து, எலக்ட்ரீஷியனை வைத்து ஏதாவது இரண்டு ஒயரை இடம் மாற்றுங்கள். கேஜ் எந்தப் பக்கம் அதிகம் காட்டுகிறதோ அதுவே சரியான சுற்று.

போர் வாயிலேயே தண்ணீர் வரவில்லையா? கேசிங்கில் காதை வையுங்கள். உள்ளே தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டு, ஆம்ப் ஏறக்குறைய வழக்கம்போல இருந்தால் பைப்பில் ஓட்டை, அல்லது ஜாயிண்ட் விட்டிருக்கிறது. சத்தம் இல்லாமல் ஆம்ப் நன்றாகக் குறைந்திருந்தால் மூன்று நான்கு மணி நேரம் ஓய்வு கொடுத்து மறுபடி போடுங்கள். கொஞ்ச நேரம் வந்து, பிறகு காற்றும் தண்ணீருமாகத் துப்பி நின்றால் பம்பில் குறையில்லை, ஊற்றுதான் குறைவு. இந்த மலையில் தண்ணீர் பாறை வெடிப்புகளில்தான் இருக்கிறது; அது ஊறிவர நேரம் எடுக்கும். டிரை ரன் தடுப்பு உள்ள பேனல் வைத்து, விட்டு விட்டு ஓட்டுங்கள்.

ஓய்வுக்குப் பிறகும் வரவில்லை என்றால், மோட்டாரை நிறுத்திவிட்டு நூலில் வழவழப்பான எடை கட்டி மெதுவாக இறக்கி மட்டத்தை அளக்கலாம். ஒயரில் சிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பம்புக்கு மேலே தண்ணீர் நின்றும் ஆம்ப் குறைவாகவே இருந்தால், கப்ளிங் உடைந்திருக்கும் அல்லது வலை அடைத்திருக்கும். ஆட்களைக் கூப்பிட வேண்டிய நேரம் இதுதான்.