மடையும் கலிங்கும்: ஒரு கண்மாய் தண்ணீரை வெளியே விடுவது எப்படி?

வைகை ஆறு நேராகக் கடலில் போய்க் கலப்பதில்லை. ராமநாதபுரம் பெரிய கண்மாயில் போய் விழுகிறது. அது நிரம்பி மிஞ்சும் தண்ணீர்தான் கடலுக்குப் போகும். வரும் வழியெல்லாம் ஆற்றிலிருந்து கால்வாய்கள் பிரிந்து நூற்றுக்கணக்கான கண்மாய்களை நிரப்பிக்கொண்டே வருவதால், மிஞ்சுவது பல வருடங்களில் ஒன்றுமே இருக்காது.

தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட நீர்நிலைகள் சுமார் 39,000 இருக்கின்றன. வடக்கே ஏரி, மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் கண்மாய், நெல்லைப் பக்கம் குளம். இவற்றில் சில மிகப் பழையவை. மகேந்திரவாடியில் 7ஆம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரைக் கல்வெட்டு, பக்கத்தில் இருந்த மகேந்திர தடாகம் என்ற ஏரியைக் குறிப்பிடுகிறது. வெறும் மண்ணால் ஆன ஒரு கரை எப்படி நூற்றாண்டுக் கணக்கில் தாக்குப்பிடிக்கிறது? தண்ணீரை நிறுத்துவதைவிட, அதை எங்கே, எவ்வளவு, எப்படி வெளியே விடுவது என்பதில்தான் பழைய ஆட்களின் அறிவு முழுவதும் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன்.

கணக்குப் போட்டுப் பார்க்க, நடுத்தரக் கண்மாய் ஒன்றைக் கற்பனை செய்துகொள்வோம். நீர் பரவும் பரப்பு 60 ஹெக்டேர், அதாவது சுமார் 150 ஏக்கர். கரையோரம் ஆழம் 3 மீட்டர். கரையை விட்டு மேற்கே போகப் போக ஆழம் குறைந்து, கடைசியில் சும்மா ஈர மண்ணாக முடியும். அதனால் சராசரி ஆழம் 1.2 மீட்டர்தான் வரும். மொத்தக் கொள்ளளவு ஏறக்குறைய 7.2 லட்சம் கன மீட்டர்.

இதில் ஒரு பங்கை வெயில் குடித்துவிடும். ஒரு நாளைக்கு 5 மில்லிமீட்டர் என்று வைத்தால்கூட நூறு நாளில் அரை மீட்டர் ஆவியாகிறது. தண்ணீர் வற்ற வற்றப் பரப்பும் சுருங்கும் என்பதால், ஒன்றரை லட்சம் கன மீட்டர் அப்படிப் போகும் என்று கொள்ளலாம். மீதி 5.7 லட்சம். வடகிழக்குப் பருவமழை வயலிலும் பெய்யும். அது போக, ஒரு ஹெக்டேர் நெல்லுக்கு இன்னும் 8,000 கன மீட்டர் வேண்டும் என்றால், சுமார் 70 ஹெக்டேர் விளையும். கண்மாய் அடைத்துக்கொள்ளும் நிலமும் அது பாய்ச்சும் ஆயக்கட்டும் ஏறக்குறைய சமம். சமதளப் பூமியில் மேலோட்டமான நீர்நிலைக்குக் கொடுக்கும் விலை இது.

சரி, இந்தத் தண்ணீரை வயலுக்கு எப்படி விடுவது? கரையை வெட்டி விட முடியாது. 3 மீட்டர் ஆழத்தின் அழுத்தத்தில் பீறிடும் தண்ணீர் நொடிக்கு ஏழு மீட்டருக்கு மேல் வேகமாக வரும். வெட்டிய இடத்தைச் சில மணி நேரத்தில் ஆறாக்கிவிடும். கரைக்கு அடியில் கல்லால் ஆன சுருங்கை, அதாவது மூடிய கால் ஒன்று போட வேண்டும். அதை எங்கே அடைப்பது என்பதுதான் முக்கியமான கேள்வி.

வயல் பக்கம் அடைத்தால் வேலை சுலபம், கையை நீட்டித் திறக்கலாம். ஆனால் அப்படிச் செய்தால் சுருங்கைக்குள் எப்போதும் முழு அழுத்தத்தோடு தண்ணீர் நிற்கும். கல் இணைப்பில் ஒரு விரிசல் விட்டால் போதும், கரையின் வயிற்றுக்குள்ளேயே கசிந்து மண்ணை அரிக்க ஆரம்பித்துவிடும். அதனால் பழைய கட்டுமானத்தில் அடைப்பு கண்மாயின் உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி நிற்கிறது. அதுதான் குமிழித் தூம்பு, இந்தக் கண்மாயின் மடை. தண்ணீருக்கு நடுவே இரண்டு கல் தூண்கள், அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்கள், அடியில் ஒரு கல்தொட்டி. தொட்டியின் மேல்பலகையில் ஒரு துளை. குறுக்குக் கற்களின் ஓட்டை வழியாக இறங்கும் ஒரு தண்டு, துளையை மேலிருந்து அடைக்கும். தண்ணீரின் எடையே அடைப்பை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். மூடியிருக்கும்போது சுருங்கை காலியாக இருக்கும். திறக்கும் நாளில் மட்டும் அதில் தண்ணீர் ஓடும். திறக்க வேண்டுமானால் ஆள் நீந்திப் போக வேண்டும், சில நேரம் முங்கவும் வேண்டும். கரையைக் காப்பாற்ற அந்தச் சிரமத்தை ஏற்றுக்கொண்டார்கள்.

மேல்துளையை நீரோடி என்பார்கள். தொட்டியின் கீழ்ப்பக்கத்தில் இருக்கும் சிறு துளைகள் சேறோடி. தண்ணீர் இழுக்கும்போது தூம்பைச் சுற்றிப் படிந்த வண்டலும் கூடவே கரைந்து வயலுக்குப் போகும். இது கண்மாய் முழுவதையும் தூர்வாரிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள், அது மிகை. தூம்பின் வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த அளவே பெரிய காரியம்.

துளை 15 சென்டிமீட்டர் அகலம் என்றால், 3 மீட்டர் ஆழத்தில் நொடிக்கு 80 லிட்டர் கிடைக்கும். ஒரு நாளைக்கு 7,000 கன மீட்டர். 70 ஹெக்டேர் வயலில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் நிறுத்த அது சரியாகப் போதும். நெல்லின் ஒரு நாள் தேவையும் கிட்டத்தட்ட அதேதான். ஆழம் குறையும்போது ஓட்டமும் குறையும். ஆனால் ஆழம் நாலில் ஒரு பங்காகும்போது ஓட்டம் பாதியாகத்தான் ஆகிறது, ஏனென்றால் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. கண்மாய் இறங்க இறங்கத் தானாகவே கையைச் சுருக்கிக்கொள்கிறது. மிச்சத்தை நீர்பாய்ச்சி பார்த்துக்கொள்வார். எந்த வயலுக்கு எத்தனை நாழிகை என்று முடிவு செய்வது அவர் வேலை. பல ஊர்களில் ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவர்களே இந்த வேலையைச் செய்தார்கள். கூலி, அறுவடையில் நெல்லாக வரும்.

இப்போது மழைக்கு வருவோம். நம் கண்மாய்க்கு நீர் வரத்துப் பகுதி 10 சதுர கிலோமீட்டர் என்று கொள்வோம். பருவம் முழுக்க 500 மில்லிமீட்டர் பெய்து, அதில் ஆறில் ஏழில் ஒரு பங்கு ஓடி வந்தாலே கண்மாய் நிரம்பிவிடும். ஆனால் வங்கக் கடலில் புயல் உருவாகி, ஏற்கெனவே நனைந்த மண்ணில் ஒரே நாளில் 200 மில்லிமீட்டர் கொட்டினால்? பாதி ஓடி வந்தாலும் 10 லட்சம் கன மீட்டர். கண்மாயின் மொத்தக் கொள்ளளவைவிட அதிகம், அதுவும் இருபத்துநாலு மணி நேரத்தில். சராசரியாக நொடிக்கு 12 கன மீட்டர் வரும். மடை விடுவது 0.08. மடையைத் திறந்து வெள்ளத்தைச் சமாளிக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

அதற்குத்தான் கலிங்கு. கரையின் ஒரு முனையில், பெரும்பாலும் பாறையோ கெட்டித் தரையோ உள்ள இடத்தில், கரையின் தலையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய சுவர். தண்ணீர் அந்த மட்டத்தைத் தொட்டதும் தானே வழியும். 20 மீட்டர் நீளக் கலிங்கின் மேல் அரை மீட்டர் உயரத்துக்கு வழிந்தால் நொடிக்கு 12 கன மீட்டர் போய்விடும். உச்ச நேர வெள்ளம் இதைவிடப் பெரிதாக இருக்கும் என்பதால், கரைத்தலை கலிங்கைவிட ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். மண்கரையின் மேல் தண்ணீர் ஏறி வழிந்தால் கதை முடிந்தது.

கலிங்கின் மேல் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மழை ஓயும் காலத்தில் அவற்றுக்கு நடுவே வைக்கோலும் களிமண்ணும் வைத்து அடைத்து, இன்னும் அரை மீட்டர் தேக்குவார்கள். அரை மீட்டர் என்றால் அற்பமாகத் தெரியும். 60 ஹெக்டேர் பரப்பில் அது 3 லட்சம் கன மீட்டர். நம் கண்மாயில் நாற்பது சதவீதம் கூடுதல் தண்ணீர். ஆசை வராமல் இருக்குமா? ஆனால் கிலோமீட்டருக்கு ஒன்றிரண்டு மீட்டர் மட்டுமே சரியும் பூமியில், அந்த அரை மீட்டர் தண்ணீரின் விளிம்பை மேலே கால் கிலோமீட்டரிலிருந்து அரைக் கிலோமீட்டர் வரை தள்ளும். மேல் ஊர்க்காரன் வயல் முங்கும். கீழ் ஊருக்கு வழிந்து போக வேண்டியது போகாது. கலிங்கின் உயரத்துக்காக ஊர்கள் அடித்துக்கொண்டதும் வழக்காடியதும் இதனால்தான். பிந்தி வரும் டிசம்பர் புயலுக்கு முன் அடைப்பை எடுக்க மறந்தால், ஆபத்து சொந்தக் கரைக்கே.

கரை உடைவதற்கு வழிந்து ஓடுவது மட்டும் காரணம் இல்லை. நண்டு வளை, எலிப் பொந்து, மக்கிப்போன மரவேர் வழியாகவும் தண்ணீர் புகும். மண்கரை கொஞ்சம் கசியத்தான் செய்யும். கரையின் வெளிப்பக்க அடியில் ஊறுவது தெளிந்த தண்ணீராக இருந்தால் கவலையில்லை. கலங்கலாக வந்தால் அது மண்ணைச் சுமந்து வருகிறது, உள்ளே குழாய் ஒன்று உருவாகிறது என்று அர்த்தம். அப்போது ஊற்றின் வாயை இறுக அடைக்கக் கூடாது. அடைத்தால் தண்ணீர் வேறு இடத்தில் கிளம்பும். சுற்றிலும் மணல்மூட்டை வட்டமாக அடுக்கி, அதற்குள் தண்ணீரை உயரவிட வேண்டும். வெளியே நிற்கும் தண்ணீரின் எதிரழுத்தத்தில் ஓட்டம் தணிந்து, கலங்கல் தெளியும்.

ஒரு கண்மாய் உடைந்தால் ஓர் ஊரோடு நிற்காது. மேல் கண்மாயின் கலிங்குத் தண்ணீரும், அதன் வயல்களில் வடியும் தண்ணீரும் கீழ்க் கண்மாய்க்கு வரத்து. அது நிரம்பி அடுத்ததற்கு. இப்படிச் சங்கிலியாகப் போகிறது. ஒரே மழைத்தண்ணீர் மூன்று நான்கு ஆயக்கட்டில் வேலை செய்துவிட்டுப் போகும் என்பது இதன் பலம். மேலே ஒன்று உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமும் ஒரே மூச்சில் கீழ்க் கலிங்கின் மேல் ஏறும் என்பது பலவீனம்.

பராமரிப்பு என்று ஒன்று இல்லாமல் இதெல்லாம் ஓடாது. உத்திரமேரூரில் 919, 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு ஆட்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுத்ததைச் சொல்கின்றன. தனியாக ஒரு குழுவே வைக்கும் அளவுக்கு வேலை இருந்தது.

இன்று தூர்வாருதல் என்றதும் எந்திரத்தை இறக்கி ஆழமாகத் தோண்டுகிறார்கள். மடையின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர் வயலுக்குத் தானாகப் போகாது. மாடு குடிக்கும், மீன் வளரும், கிணற்றுக்கு ஊறும், அவ்வளவே. பல நூறு வருடம் படிந்த களிமண் அடுக்கையும் கிழித்துவிட்டால் ஒழுக்கு அதிகமாகும். கூடுதல் பாசனம் வேண்டுமானால் வண்டலை மடை மட்டத்துக்கு மேலே, ஆழம் குறைந்த மேற்புறத்தில்தான் எடுக்க வேண்டும்.

அப்புறம், நல்ல மழை பெய்த வருடத்திலும் கலிங்கு ஓடவில்லை என்றால் கண்மாய்க்குள் இறங்கித் தேடுவதில் பலனில்லை. வரத்துக் கால்வாயோடு மேல்நோக்கி நடக்க வேண்டும். சாலைக்கு அடியில் மண் மூடிய சிறுபாலம், கால்வாயை மறித்துப் போட்ட வீட்டுமனை, அடர்ந்த சீமைக்கருவேலம், அல்லது மேல் ஊர்க் கலிங்கில் ஏற்றிய ஒரு வரிசைக் கல், இவற்றில் ஒன்று கண்ணில் படும்.