டைம்டேபிளில் சிவப்பு விழுந்தால்

ஜூன் மாதம் ஸ்டாஃப் ரூம் சுவரில் புது டைம்டேபிளை ஒட்டிய அரைமணி நேரத்தில் யாராவது ஒருவர் வந்து நிற்பார்: "சார், செவ்வாய் மூணாவது பிரியட் எனக்கு ரெண்டு கிளாஸ் இருக்கே?" வகுப்புக்கு ஒரு கட்டம் என்று தனித்தனியாகப் போட்டால் இப்படித்தான் ஆகும். ஒவ்வொரு கட்டமும் தனியாகப் பார்க்கச் சரியாகவே இருக்கும். மோதல் இருப்பது இரண்டு கட்டங்களுக்கு நடுவில்.

அதனால் ஸ்ப்ரெட்ஷீட்டில் கட்டம் வேண்டாம், நீளப் பட்டியல் போடுங்கள். ஒரு பாடவேளைக்கு ஒரு வரி. A முதல் F வரை கிழமை, பிரியட், வகுப்பு, பாடம், ஆசிரியர், அறை. பத்துப் பிரிவு, வாரத்துக்கு 40 பிரியட் என்றால் 400 வரிகள். இரண்டாம் வரியில் தொடங்கி 401-இல் முடியும். Conditional Formatting-இல் இதைக் கொடுத்தால், ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் இருக்கும் ஆசிரியரின் வரிகள் சிவப்பாகும்:

```
=COUNTIFS($A$2:$A$401,$A2,$B$2:$B$401,$B2,$E$2:$E$401,$E2)>1
```

E வரும் இடங்களில் F போட்டால் அறை மோதல் தெரியும், C போட்டால் வகுப்பு மோதல். பெயர்களைக் கையால் அடிக்காமல் Data validation பட்டியலிலிருந்து எடுப்பது நல்லது. 'மீனா'வுக்குப் பின்னால் ஒரு இடைவெளி விழுந்தால் கணினிக்கு அவர் வேறொரு ஆசிரியர். சிவப்பே வராது.

சரி, சிவப்பு வந்தால் என்ன செய்வது? மீனா டீச்சருக்கு மூன்றாம் பிரியடில் 9அ, 10ஆ இரண்டிலும் கணக்கு. அவர் ஐந்தாம் பிரியடில் சும்மா இருக்கிறார். 10ஆ-வின் மூன்றையும் ஐந்தையும் மாற்றிப் போடுங்கள். அங்கே ஐந்தில் இருந்த தமிழ், மூன்றுக்கு வரும். ஆனால் தமிழய்யா அருள் மூன்றில் 8அ-வில் இருக்கிறார். பரவாயில்லை, ஐந்து அவருக்கு இப்போது காலி. 8அ-விலும் அதே இரண்டு பிரியடை மாற்றுங்கள். அங்கிருந்து மூன்றுக்கு வரும் சமூக அறிவியல் ஆசிரியர் அப்போது சும்மா இருந்தால் வேலை முடிந்தது. இல்லையென்றால் அவருடைய வகுப்பிலும் அதே மாற்றம்.

இது முடிவில்லாமல் சுற்றுமோ என்ற பயம் வேண்டாம். மீனாவுக்கு ஐந்தில் வகுப்பே இல்லாததால் சங்கிலி அவரிடம் திரும்பி வர வழியில்லை. அந்த இரண்டு பிரியடில் வேறு மோதல் இல்லையென்றால் எங்காவது நின்றே தீரும். யாருக்கும் 40-க்கு மேல் பாடவேளை இல்லையென்றால் மோதாத அட்டவணை கட்டாயம் உண்டு என்பதற்கு ஆதாரமே இந்தச் சங்கிலிதான். 1916-இல் ஹங்கேரியக் கணிதர் டெனெஷ் கோனிக் நிறுவியது இது.

எல்லோரும் எல்லா நேரமும் பள்ளியில் இருந்தால்தான் இந்த உறுதி. வாரத்தில் மூன்று அரைநாள் மட்டும் வரும் ஓவிய ஆசிரியர், இரண்டு பிரியட் சேர்ந்தே வேண்டிய லேப் எல்லாம் வந்துவிட்டால் அது போய்விடும். கணினிக்கே சிரமமான கணக்கு அது என்று 1976-இல் காட்டினார்கள். அதனால் இவர்களை முதலில் உட்கார வைத்துவிட்டு மற்றவர்களை நிரப்புவதுதான் வழி.

ஓவிய ஆசிரியருக்கு நான் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறேன். அவர் வராத 28 பிரியடுக்கும் 'இல்லை-1', 'இல்லை-2' என்று பொய் வகுப்புப் பெயர் போட்டு, அறையை வெறுமையாக விட்டு, அவர் பெயரில் 28 வரிகள் சேர்த்துவிடுவேன். சங்கிலி அவரை வராத நேரத்துக்குத் தள்ளினால் உடனே சிவக்கும். அப்போது மீனாவின் வேறொரு காலி பிரியடை எடுத்து முதலிலிருந்து முயல வேண்டும். ஃபார்முலாவில் 401-ஐ 429 ஆக்க மறந்துவிடாதீர்கள், ஒரு வருஷம் நான் மறந்தேன்.