கதவு கனமாக இருந்தால் பூட்டியிருக்கிறது என்று அர்த்தமில்லை

போன வாரம் இரவு பத்தரை மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. கல்யாணத்துக்காக டெல்லி வந்து, கனாட் பிளேஸ் பக்கம் ஒரு ஹோட்டலில் ஒன்பதாவது மாடியில் தங்கியிருந்த பெரியப்பா அனுப்பியது. அறைக் கதவின் உள்பக்கம் ஒட்டியிருந்த வரைபடம். பாதி ஆங்கிலம், பாதி இந்தி. "இதுல என்னடா எழுதியிருக்கு? நெருப்புனு மட்டும் புரியுது" என்று கேட்டிருந்தார்.

கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. 2019 பிப்ரவரி 12 விடியற்காலையில் கரோல் பாக்கில் ஒரு ஹோட்டல் தீப்பிடித்து 17 பேர் இறந்தார்கள். அங்கே நிறைய நம் ஆட்கள் தங்குவது வழக்கம், அதனால் பெரியப்பாவுக்கு அது நன்றாக நினைவிருந்தது. அந்த விபத்தில் பலரைக் கொன்றது நெருப்பு இல்லை, புகை. வரைபடத்தில் இருக்கும் ஒவ்வொரு வரியும் புகையை மனதில் வைத்து எழுதப்பட்டதுதான்.

முதலில் சிவப்புப் புள்ளி. 'ஆப் யஹாம் ஹைம்' என்றால் நீங்கள் நிற்கும் இடம். அங்கிருந்து முழுக்கோட்டில் போகும் பச்சை அம்புதான் முதல் வழி. புள்ளிக்கோட்டில் போவது அது அடைபட்டால் போக வேண்டிய மாற்று வழி. பெரியப்பாவின் படத்தில் முழுக்கோடு வலப்பக்கம் போனது. ஆனால் அவரை அப்படியே வலது பக்கம் திரும்பச் சொல்லியிருந்தால் தப்பாகியிருக்கும்.

வரைபடத்தை மாட்டுவதற்கு ஒரு முறை உண்டு. கதவைப் பார்த்து நிற்கும்போது உங்கள் முன்னே இருப்பது காகிதத்தின் மேற்பக்கத்தில் இருக்க வேண்டும். அதாவது உங்கள் அறைக் கதவும் அதற்கப்பால் உள்ள நடைக்கூடமும் மேலே வர வேண்டும். பல ஹோட்டல்களில் ஒரே பிரதியை எல்லாக் கதவுகளிலும் ஒட்டிவிட்டு சிவப்புப் புள்ளியை மட்டும் மாற்றுகிறார்கள். நடைக்கூடத்தின் எதிர்வரிசை அறைகளுக்கு அது தலைகீழாகிவிடும். பெரியப்பாவின் படத்தில் அறைக் கதவு கீழே இருந்தது. "போனைத் தலைகீழாகத் திருப்புங்க பெரியப்பா" என்றேன். இப்போது அம்பு இடப்பக்கம் காட்டியது. வெளியே வந்து இடது பக்கம் திரும்ப வேண்டும், அதுதான் சரி.

அடுத்து, எத்தனை கதவு தாண்ட வேண்டும்? புகையில் அறை எண் தெரியாது. சுவரைத் தடவிக்கொண்டு, குனிந்தோ தவழ்ந்தோதான் போக வேண்டியிருக்கும். ('ஜுக்கர் சலேம்' என்று இந்தியில் இருந்த வரி இதைத்தான் சொல்கிறது. சூடான புகை மேலே தேங்கும், தரையை ஒட்டிக் கொஞ்ச நேரம் மூச்சுவிட முடியும்.) அவர் அறை 911. படிக்கட்டுக்கு முன் அந்த வரிசையில் கடைசி அறை 916. கழித்துப் பார்த்தால் ஐந்து வரும். உண்மையில் நான்கு கதவுகள்தான், ஏனென்றால் 913 என்று ஓர் அறையே கிடையாது! பதிமூன்று ராசியில்லாத எண்ணாம். மூடநம்பிக்கையால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பவர்களுக்கு இதோ ஒன்று: ஐந்து அறைகள் தாண்ட வேண்டும் என்று கணக்குப்போட்டுத் தவழ்பவர் படிக்கட்டுக் கதவையும் ஓர் அறை என்று எண்ணிக் கடந்து போய்விடுவார்.

இனி எனக்கு மிகவும் பிடித்த இடம். வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில், படிக்கட்டுக் கதவைப் பலமாகத் தள்ளுங்கள், திறந்து வைக்காதீர்கள் என்று இருந்தது. பூட்டு மக்கர் பண்ணும் போலிருக்கிறது என்று பெரியப்பா நினைத்துக்கொண்டார். விஷயம் அதுவல்ல.

ஜன்னல் இல்லாத உள்படிக்கட்டுக்குள் புகை நுழையாமல் இருக்க, அலாரம் அடித்ததும் மொட்டைமாடியிலோ கீழேயோ உள்ள ஒரு பெரிய விசிறி வெளிக்காற்றை அதற்குள் தள்ளத் தொடங்கும். படிக்கட்டின் காற்றழுத்தம் நடைக்கூடத்தைவிடக் கொஞ்சம் அதிகமாகும். எவ்வளவு? நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சொல்வது 50 பாஸ்கல். டம்ளரில் ஸ்ட்ராவை வைத்து 5 மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் உறிஞ்சுகிறீர்களே, அந்த அளவு. அவ்வளவுதான். ஆனால் நடைக்கூடத்துப் புகை தன் சூட்டால் உண்டாக்கும் அழுத்தம் பொதுவாக இதைவிடக் குறைவு. அதனால் கதவிடுக்கு வழியாகப் படிக்கட்டுக் காற்று வெளியே வருமே தவிர, புகை உள்ளே போகாது.

இந்தச் சின்ன அழுத்தம் கதவின் முழுப்பரப்பிலும் உட்கார்ந்துகொள்கிறது. ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரமுள்ள கதவென்றால் பரப்பு இரண்டு சதுர மீட்டர், மொத்த விசை 100 நியூட்டன். கீல் ஒரு பக்கம் இருப்பதால் கைப்பிடிப் பக்கம் தள்ளுபவருக்குப் பாதி போதும், 50 நியூட்டன். ஏறத்தாழ ஐந்து கிலோ எடையைத் தூக்கும் விசை. கதவைத் தானாக மூடும் கருவியின் இழுப்பு இதோடு சேரும். கதவு படிக்கட்டை நோக்கித் திறப்பதால் நீங்கள் இந்த இரண்டையும் எதிர்த்துத் தள்ளுகிறீர்கள். பகலில் விரலால் திறந்த அதே கதவு அலாரம் அடித்த பிறகு முரண்டுபிடிக்கும். பூட்டியிருக்கிறது என்று நினைத்துப் புகைக்குள் திரும்பி நடப்பதுதான் ஆபத்து. விசிறி ஓடுகிறதா என்று அறிய, கதவிடுக்கில் கன்னத்தை வையுங்கள். உங்கள் மேல் காற்று வீசினால் ஓடுகிறது, தோளைக் கொடுத்துத் தள்ளலாம். கூடுதல் அழுத்தத்தை வெளியேற்றும் மடல் பழுதாகி அழுத்தம் இரட்டித்தால் விசையும் இரட்டிக்கும். அப்போது வயதானவர் தனியாகத் திறப்பது கஷ்டம்.

திறந்து வைக்காதீர்கள் என்பதும் இதனால்தான். ஒரு கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டால் காற்றெல்லாம் அந்த வழியே ஓடி அழுத்தம் சரிந்துவிடும். தீப்பிடித்த மாடியின் கதவு அது என்றால் புகை படிக்கட்டுக்குள் ஏறி, மேல்மாடிக்காரர்களுக்கும் வழி போச்சு.

மீதியைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். லிஃப்ட் வேண்டாம்: மின்சாரம் போனால் நடுவில் நிற்கும், தீப்பிடித்த மாடியிலேயே கதவு திறக்கவும் கூடும். அறைக் கதவைப் புறங்கையால் தொட்டுச் சுட்டால் திறக்கக்கூடாது. ஈரத்துண்டால் இடுக்கை அடைத்து, 112-ஐ அழைத்து, ஜன்னலில் நின்று துணியை ஆட்ட வேண்டும்.

இரண்டு இடங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. 'அசெம்பிளி பாயிண்ட்' கட்டடத்துக்கு வெளியே இருப்பது, பச்சைப் பலகையில் நான்கு அம்புகள் நடுவிலுள்ள மனிதர்களை நோக்கும். அங்கே தலை எண்ணுவார்கள். சொல்லாமல் ஆட்டோ ஏறிப் போனால் உங்களைத் தேடித் தீயணைப்பு வீரர் ஒருவர் மறுபடி உள்ளே போவார். 'ரெஃப்யூஜ் ஏரியா' கட்டடத்துக்கு உள்ளேயே, 24 மீட்டருக்கு மேலுள்ள சில மாடிகளில், வெளிக்காற்றுப் படும்படி விட்ட தளம். படி இறங்க முடியாதவர்கள் மீட்பு வரும்வரை காத்திருக்கும் இடம். முட்டிவலிக்காரரான பெரியப்பாவுக்கு இதுதான் முக்கியம். அவர் மாடியில் அது மாற்றுவழிப் படிக்கட்டின் பக்கத்தில் இருந்தது.

கேட்டு முடித்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு எண்ணப் போய்விட்டார். நான்கு கதவு சரியாக இருந்ததாம். ஐந்தாவதான படிக்கட்டுக் கதவைத்தான் ஒரு இருபது லிட்டர் தண்ணீர் கேன் வைத்துத் திறந்து வைத்திருந்தார்கள். நகர்த்திவிட்டு ரிசப்ஷனில் சொன்னாராம். காலையில் டிபனுக்குப் போகும்போது பார்த்தால், மறுபடி அதே கேன்.