டப்பாவில் எட்டு மாத்திரை, உடம்புக்குள் எத்தனை மருந்து?

சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயத்தில் ஸ்டென்ட், கூடவே மூட்டுவலி. இப்படி ஒருவர் மூன்று டாக்டர்களிடம் போனால், மூன்று சீட்டுகளும் தனித்தனியாகப் பார்க்கும்போது சரியாகத்தான் இருக்கும். சிக்கல் அவை ஒரே டப்பாவில் சேரும்போது தொடங்குகிறது. எடுத்துக்காட்டுக்கு ஒரு டப்பாவைத் திறந்து பார்க்கலாம்:

- எக்கோஸ்பிரின் கோல்டு 20: இரவு 1
- கிளாபிடாப்-ஏ 75: மதியம் 1
- ஜானுமெட் 50/500: காலை 1, இரவு 1
- மெட்ஃபார்மின் 500, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்தது: காலை 1, இரவு 1
- டெல்மா-ஏஎம்: காலை 1
- அசோமெக்ஸ் 2.5: இரவு 1
- ஜெரோடால்-எஸ்பி: காலை 1, இரவு 1
- டோலோ 650: வலி வந்தால், நாளுக்கு 3 வரை

எட்டு பெயர்களில் எந்த இரண்டும் ஒன்றல்ல. பெயரை மட்டும் படிக்கிறவர் கண்ணுக்கு இந்தப் பட்டியலில் குறையே தெரியாது.

முதல் வேலை, ஒவ்வொரு பெயரையும் உடைத்து அதற்குள் இருக்கும் மருந்துகளைத் தனித்தனி வரியாக எழுதுவது. இதற்கு நம்ப வேண்டியது ஞாபகத்தை அல்ல, அட்டையின் பின்பக்கத்தை. 'ஒவ்வொரு மாத்திரையிலும் உள்ளவை' என்ற பொருளில் ஆங்கிலத்தில் தொடங்கும் வரிக்குக் கீழே மருந்தும் அதன் மில்லிகிராமும் இருக்கும். அதிகம் விற்கும் 300 பிராண்டுகளுக்கு 2023 ஆகஸ்ட் முதல் கியூஆர் குறியீடும் கட்டாயம். அதை ஸ்கேன் செய்தாலும் ஜெனரிக் பெயர் கிடைக்கும்.

பெயரின் வாலை வைத்து ஊகிப்பதுதான் இங்கே அதிகம் நடக்கும் தவறு. டெல்மா-ஏஎம்மில் 'ஏஎம்' என்பது ஆம்லோடிபின், காலைநேரம் அல்ல. கிளாபிடாப்-ஏயில் 'ஏ' என்பது ஆஸ்பிரின். எக்கோஸ்பிரின் கோல்டில் 'கோல்டு' எதையுமே சொல்வதில்லை. உள்ளே ஆஸ்பிரின் 75, குளோபிடோக்ரெல் 75, அடோர்வாஸ்டாட்டின் 20 என மூன்று மருந்துகள் இருக்கின்றன. எண்களும் அப்படித்தான் ஏமாற்றும். ஜானுமெட்டில் 50/500 என்று இரண்டு அளவுகளும் தெரிகின்றன. ஆனால் கிளைகோமெட்-ஜிபி 1 என்ற பெயரில் உள்ள 1, கிளிமெபிரைடின் அளவு மட்டுமே. கூடவே இருக்கும் 500 மி.கி. மெட்ஃபார்மின் பெயரில் தலைகாட்டுவதே இல்லை. கணினியில் இந்த வேலையைச் செய்கிறவர்கள், எழுத்து நெருக்கத்தை வைத்து 'டெல்மா'வை 'டெல்மா-எச்' என்று தானாகப் பொருத்த விடக்கூடாது. ஓர் எழுத்து வித்தியாசத்தில் ஒரு முழு மருந்து கூடிவிடும், அல்லது காணாமல் போய்விடும். நெருங்கிய பெயர்களைக் காட்டலாம், தேர்ந்தெடுப்பது மனிதராக இருக்க வேண்டும்.

உடைத்து எழுதினால் எட்டு பெயர்கள் 15 வரிகளாகின்றன. அடுத்தது, ஒரே மருந்தை ஒரே பெயருக்குக் கொண்டுவருவது. அமெரிக்காவிலிருந்து பிள்ளைகள் அனுப்பும் டைலினாலில் 'அசிட்டாமினோஃபென்' என்று இருக்கும். நம் ஊரில் அதுதான் பாராசிட்டமால். மருந்தோடு வேதியியல் முறையில் சேர்ந்திருக்கும் உப்பின் பெயரையும் ஒதுக்கிவிடலாம்: ஆம்லோடிபின் பெசிலேட் என்றாலும் மருந்து ஆம்லோடிபின்தான். ஆனால் ஒதுக்கிய பகுதியை அழித்துவிடக்கூடாது, பக்கத்திலேயே வைத்திருக்க வேண்டும். மெட்டோபுரோலால் டார்ட்ரேட், மெட்டோபுரோலால் சக்சினேட் இரண்டும் ஒரே மருந்துதான் என்றாலும், ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் வெளிப்படும். இரட்டிப்பைக் கண்டுபிடிக்க இரண்டையும் ஒன்றாகப் பார்க்கலாம். மாற்றிக் கொடுக்க ஒன்றாகப் பார்க்க முடியாது.

அசோமெக்ஸ் இந்த இடத்தில்தான் தப்பித்துவிடும். அதில் இருப்பது எஸ்-ஆம்லோடிபின். சாதாரண ஆம்லோடிபின் என்பது வலக்கை, இடக்கை போல இரண்டு வடிவ மூலக்கூறுகளின் கலவை. ரத்த அழுத்தத்தைக் குறைப்பது பெரும்பாலும் அதில் ஒரு வடிவம்தான், அதை மட்டும் பிரித்தெடுத்தது எஸ்-ஆம்லோடிபின். அதனால் அதன் 2.5 மி.கி., சாதாரண ஆம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமமாகக் கொள்ளப்படுகிறது. இந்த உறவைப் பட்டியலில் கையால் எழுதிவைக்காவிட்டால் எந்த நிரலும் பிடிக்காது.

மருந்துகளை வகைப்படுத்த உலக சுகாதார நிறுவனம் தரும் ஏடிசி குறியீடுகளை வைத்து ஒப்பிட்டால் போதாதா? மெட்ஃபார்மின் தனியாக `A10BA02`. அதுவே சிட்டாகிளிப்டினோடு சேர்ந்தால் `A10BD07`. கூட்டு மருந்துக்குத் தனிக் குறியீடு இருப்பதால் இரண்டையும் அப்படியே ஒப்பிட்டால் 'வேறு வேறு' என்றுதான் விடை வரும். எனவே முதலில் உடைக்க வேண்டும், பிறகுதான் ஒப்பிட வேண்டும்.

இனி நம் டப்பா. 15 வரிகளில் தனி மருந்துகள் 10. ஐந்து மருந்துகள் இரண்டிரண்டு முறை வருகின்றன. ஐந்தையும் ஒரே சிவப்பில் காட்டினால் டாக்டர் ஒன்றையும் பார்க்கமாட்டார். அதனால் ஒவ்வொன்றுக்கும் ஒருநாள் மொத்த அளவைக் கூட்ட வேண்டும்.

ஆஸ்பிரின் 75 + 75 = 150 மி.கி., குளோபிடோக்ரெல் 75 + 75 = 150 மி.கி. ஸ்டென்ட் வைத்த பிறகு இவை இரண்டும் சேர்ந்து ஒருதரம் போதும். பழைய சீட்டின் மாத்திரை தொடர்ந்துகொண்டிருக்க, புதிய சீட்டில் அதே மருந்துகள் வேறு பெயரில் வந்திருக்கின்றன. ரத்தக்கசிவு அபாயம் இருப்பதால் இதுதான் முதலிடம். ஜெரோடாலில் உள்ள அசிக்ளோஃபெனாக் அந்த அபாயத்தை இன்னும் கூட்டும். அதுவும் ஆஸ்பிரினும் ஒரே மருந்து அல்ல, ஒரே குடும்பம். எனவே அதைத் தனிக் குறிப்பாக எழுத வேண்டும்.

டெல்மா-ஏஎம்மில் ஆம்லோடிபின் 5 + அசோமெக்ஸில் அதற்குச் சமமாக 5 = 10 மி.கி. இது வழக்கமான உச்ச அளவு. டாக்டர் தெரிந்தே கூட்டியிருக்கலாம். நோயாளிக்குக் கணுக்கால் வீங்குகிறதா என்று கேட்பது பயன்தரும்.

மெட்ஃபார்மின் நாளுக்கு 2000 மி.கி. இரண்டு இடங்களிலிருந்து வந்தாலும், சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு இது வழக்கத்தில் உள்ள அளவுதான். இங்கே கேள்வி அளவைப் பற்றியதல்ல, இரண்டையும் எழுதியவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியுமா என்பது. சிறுநீரக வடிகட்டல் அளவான இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே இருந்தால் இதே 2000 பெரிய எச்சரிக்கையாகிவிடும்.

பாராசிட்டமால்: ஜெரோடால்-எஸ்பியில் 325 வீதம் இரண்டு, டோலோ மூன்றும் போட்டால் 1950. மொத்தம் 2600 மி.கி., நாளுக்கு 4000 என்ற வரம்புக்குள்தான். கல்லீரல் நோய் இல்லாதவருக்கு இது கடைசியில் போகட்டும். ஆனால் 'வலி வந்தால்' என்ற மாத்திரையை எப்போதும் அதிகபட்ச எண்ணிக்கையில்தான் கூட்ட வேண்டும். சளிக்கு ஒரு மாத்திரை வாங்கினால் அதிலும் பெரும்பாலும் பாராசிட்டமால் இருக்கும்.

இந்தக் குறிப்பின் பொருள் 'பாருங்கள்' என்பதே, 'நிறுத்துங்கள்' அல்ல. இரட்டிப்பு என்று கேள்விப்பட்டு நோயாளி பயந்து குளோபிடோக்ரெல் உள்ள இரண்டையும் விட்டுவிட்டால் ஸ்டென்ட்டுக்குள் ரத்தம் உறையக்கூடும். எதை விடுவது என்று எழுதியவரோ இதய மருத்துவரோ சொல்லட்டும்.

டாக்டரிடம் போகும் தாளில் ஜெனரிக் பெயர் முதலில், அடைப்புக்குறிக்குள் பிராண்டு, பக்கத்தில் யார் எப்போது எழுதியது என்ற வரிசை இருக்க வேண்டும். பிராண்டை நீக்கிவிடக்கூடாது, வீட்டில் மாத்திரையை அடையாளம் காண்பது அந்தப் பெயரால்தான். கடையில் நான்கு மாத்திரைக்கு வெட்டிக் கொடுத்த துண்டில் பெயர் போயிருந்தால், நிறத்தையும் வடிவத்தையும் வைத்து ஊகிக்காமல் 'தெரியாதது: வெள்ளை, வட்டம், இரவு 1' என்று அதையும் ஒரு வரியாக எழுதி, கடை ரசீதையோ பழைய அட்டையையோ தேட வேண்டும். அந்த வரி நிரம்பும்வரை மேலே போட்ட கூட்டல் எதுவும் முடிந்த கணக்கல்ல.